இரண்டாவது வகுப்பை ஏன் வாங்கவில்லை?

ஆரி ஒர்க், டெய்லரிங், ஸ்போக்கன் இங்கிலீஷ் என்று ஆன்லைனில் வகுப்பு விற்பவர்களிடம் ஒரு வருத்தம் அடிக்கடி கேட்கிறது. புதிதாகச் சேர்பவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். ஒரு வகுப்பை முடித்தவர்கள் அடுத்ததை வாங்கத் திரும்பி வருவதில்லை. உடனே விலையைக் குறைப்பார்கள், விளம்பரத்தைக் கூட்டுவார்கள். இரண்டுமே பெரும்பாலும் தவறான இடத்தில் போடும் மருந்து. ஆர்டர் பட்டியலும் ஒரு ஷீட்டும் இருந்தால், எந்த இடத்தில் ஆள் விலகுகிறார் என்பதை ஒரு நாளில் கண்டுபிடித்துவிடலாம்.

கோயம்புத்தூரில் ஒரு ஆசிரியை ஆரி வகுப்பு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு புரிவதற்காக எண்களை நானே வைக்கிறேன். அடிப்படை வகுப்பு 1,499 ரூபாய், 12 பாடம். அதை முடித்தவர்களுக்கு பிரைடல் பிளவுஸ் வகுப்பு, 3,999 ரூபாய். வருமானம் நிற்பது இரண்டாவதில்தான், ஏனென்றால் முதல் வகுப்பின் கட்டணத்தில் பெரும்பகுதி விளம்பரத்துக்கே போய்விடுகிறது.

ஜனவரியில் 480 ஆர்டர். அதில் 400 பேர் புதியவர்கள், 80 பேர் பழையவர்கள். அதாவது ஆறில் ஒரு ஆர்டர் பழைய மாணவியுடையது. ஏப்ரலில் 199 ரூபாய் ஆஃபர் போட்டதும் புதியவர்கள் 900 ஆனார்கள். பழையவர்கள் அதே 80. இப்போது பன்னிரண்டில் ஒரு ஆர்டர்தான் பழையவருடையது. பங்கு பாதியாகிவிட்டதே என்று ஆசிரியை பதறுகிறார். ஆனால் இந்த எண்ணில் ஒரு பழைய மாணவிகூடக் குறையவில்லை. புதியவர்கள் பெருகியதால் மட்டுமே விகிதம் விழுந்தது. இப்படி மாதக் கணக்கைப் பார்த்து மட்டும் சரிவு என்றோ, சரிவில்லை என்றோ முடிவு செய்யக் கூடாது.

பார்க்க வேண்டியது பேட்ச் கணக்கு. இந்தத் துறையில் இதை கோஹார்ட் என்பார்கள். ஜனவரியில் முதல்முறை வாங்கியவர்கள் ஜனவரி பேட்ச், பிப்ரவரியில் வாங்கியவர்கள் பிப்ரவரி பேட்ச். ஒவ்வொரு பேட்ச்சிலும், முதல் ஆர்டரிலிருந்து 90 நாளுக்குள் எத்தனை பேர் இன்னொன்று வாங்கினார்கள் என்று எண்ண வேண்டும். பிள்ளைகளின் உயரத்தை ஒப்பிடும்போது ஐந்து வயதுப் பிள்ளையை ஐந்து வயதுப் பிள்ளையோடுதானே நிறுத்துவோம், அதுபோலத்தான் இதுவும். ஜூன் பேட்ச்சை ஜூலையில் பார்த்துவிட்டு, ஜனவரி பேட்ச்சைவிட மோசம் என்றால் அது அநியாயம். ஜூனில் சேர்ந்தவர்களுக்கு இன்னும் 90 நாளே ஆகவில்லை. கெடு முடியாத பேட்ச்சின் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவதே நல்லது.

ஷீட்டில் A பத்தியில் போன் நம்பர், B பத்தியில் ஆர்டர் தேதி இருந்தால் போதும். C2-வில் அந்த நம்பரின் முதல் ஆர்டர் தேதி, D2-வில் அதற்குப் பிறகு 90 நாளுக்குள் வந்த ஆர்டர்களின் எண்ணிக்கை:

```
=MINIFS(B:B, A:A, A2)
=COUNTIFS(A:A, A2, B:B, ">"&C2, B:B, "<="&C2+90)
```

இரண்டையும் கீழே வரை இழுத்துவிட்டு, B-யும் C-யும் ஒன்றாக உள்ள வரிகளை மட்டும் மாதவாரியாக எண்ணினால் பேட்ச் கிடைத்துவிடும். D-யில் ஒன்றோ அதற்கு மேலோ இருப்பவர்கள் திரும்பி வந்தவர்கள்.

இதற்கு முன் போன் நம்பர்களைச் சுத்தம் செய்தாக வேண்டும். பலரும் தட்டிவிட்டுப் போகும் வேலை இது. ஒரே நம்பர் ஒரு வரியில் +91 சேர்ந்தும், இன்னொரு வரியில் நடுவே இடைவெளி விட்டும் இருந்தால் ஷீட் இரண்டு ஆள் என்று எண்ணும். முதல் வகுப்பை மகளின் போனிலிருந்தும் இரண்டாவதைக் கணவரின் போனிலிருந்தும் வாங்குவது நம் வீடுகளில் சாதாரணம். இதனால் திரும்பி வந்தவரே புதியவராகப் பதிவாகிவிடுவார். மாணவியின் பெயரையும் ஊரையும் வைத்துச் சந்தேகமான வரிகளை ஒருமுறை கண்ணால் பார்த்துச் சேர்த்துவிடுங்கள். பணம் திருப்பிக் கொடுத்த ஆர்டர்களையும், பணம் வராமல் நின்றுபோன ஆர்டர்களையும் நீக்கிவிடுங்கள்.

நம் ஆசிரியையின் கணக்கு இப்படி வருகிறது. ஜனவரி பேட்ச் 400 பேரில் 72 பேர் திரும்பினார்கள், 18 சதவீதம். பிப்ரவரி 17, மார்ச் 19. ஏப்ரல் பேட்ச் 900 பேரில் 78 பேர், 9 சதவீதத்துக்கும் சற்றுக் கீழே. ஆக, மாதக் கணக்கு காட்டியது பொய்ப் பயம் என்றாலும், அடியில் நிஜமான சரிவும் இருக்கிறது, அது ஏப்ரலில் சேர்ந்தவர்களிடம் தொடங்குகிறது.

ஏப்ரல் என்றதும் ஆஃபர் நினைவுக்கு வரும். 199-க்குச் சேர்ந்தவர்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்கள், அவர்களால்தான் விகிதம் விழுந்தது என்று சொல்லி முடித்துவிடத் தோன்றும். பேட்ச்சை இரண்டாகப் பிரித்துப் பார்க்காமல் அப்படி முடிக்கக் கூடாது. ஆஃபரில் வந்த 500 பேரில் 30 பேர் திரும்பினார்கள், 6 சதவீதம். முழுக் கட்டணம் கட்டிய 400 பேரில் திரும்பியவர்கள் 48 பேர், 12 சதவீதம். ஜனவரியில் இதே கட்டணம் கட்டிய 400 பேரில் 72 பேர் வந்தார்களே! சரிவில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஆஃபர் கூட்டம் கலந்ததால் வந்தது. மீதிக் கால் பங்கு, முழுக் கட்டணம் கட்டி அக்கறையோடு படிக்க வந்த 24 பேர் நின்றுபோனது. நான் கவலைப்படுவது இந்த 24 பேரைப் பற்றித்தான்.

அவர்கள் எங்கே நின்றார்கள் என்று சொல்வதுதான் ஃபனல் கணக்கு. முதல் வகுப்புக்குப் பணம் கட்டியதிலிருந்து இரண்டாவதற்குப் பணம் கட்டும் வரை உள்ள படிகளை வரிசையாக எழுதி, ஒவ்வொரு படியையும் எத்தனை பேர் தாண்டினார்கள் என்று எண்ணுவது. பல விற்பனையாளர்கள் இரண்டாவது வகுப்பின் பக்கத்தைத் திறந்ததிலிருந்துதான் எண்ணத் தொடங்குகிறார்கள். மறுபடி வாங்குவது அதற்கு எவ்வளவோ முன்னால், முதல் வகுப்பின் உள்ளேயே முடிவாகிவிடுகிறது.

ஹார்வர்டும் எம்ஐடியும் எட்எக்ஸ் தளத்தில் நடத்திய வகுப்புகளின் 2012 முதல் 2018 வரையிலான பதிவுகளை ஜஸ்டின் ரைக், ஹோசே ருய்பெரெஸ்-வாலியெண்டே இருவரும் ஆராய்ந்து 2019-இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். பெயர் கொடுத்துச் சேர்ந்தவர்களில் 52 சதவீதம் பேர் பாடத்தின் உள்ளே நுழையவே இல்லை. மறு ஆண்டு இன்னொரு வகுப்புக்குத் திரும்பியவர்களின் பங்கும் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தது. அவை பெரும்பாலும் இலவசமாகச் சேரக்கூடியவை, ஆகவே காசு கட்டிப் படிக்கும் வகுப்போடு எண்ணுக்கு எண் ஒப்பிட முடியாது. ஆனால் சேர்வதும் படிப்பதும் வேறு வேறு என்பதை அந்தப் பதிவுகள் நன்றாகவே காட்டுகின்றன.

முழுக் கட்டணம் கட்டிய இரண்டு பேட்ச்சையும் அருகருகே வைப்போம். ஜனவரியில் 400 பேரில் முதல் பாடத்தைத் திறந்தவர்கள் 340, ஆறாவது பாடத்தை எட்டியவர்கள் 220, முடித்த வேலையைப் போட்டோ எடுத்து அனுப்பியவர்கள் 160, பிரைடல் வகுப்பின் பக்கத்தைத் திறந்தவர்கள் 120, பணம் கட்டும் பட்டனை அழுத்தியவர்கள் 90, கட்டி முடித்தவர்கள் 72. ஏப்ரலில் இதே வரிசை 336, 214, 104, 79, 60, 48. கடைசி எண்ணை மட்டும் பார்த்தால் எல்லாமே குறைந்ததுபோல் தெரியும். ஒவ்வொரு படியையும் அதற்கு முந்தைய படியோடு வகுத்துப் பாருங்கள். பக்கத்தைத் திறந்தவர்களில் பட்டனை அழுத்தியவர்கள் இரண்டு பேட்ச்சிலும் முக்கால் பங்கு. அழுத்தியவர்களில் பணம் கட்டியவர்கள் இரண்டிலும் 80 சதவீதம். விலையிலும் குறையில்லை, பேமென்ட்டிலும் குறையில்லை. ஓரிடம் மட்டும் உடைந்திருக்கிறது. ஆறாவது பாடத்தை எட்டியவர்களில் வேலையை முடித்து அனுப்பியவர்கள் 73 சதவீதத்திலிருந்து 49-க்கு விழுந்திருக்கிறார்கள்.

எண் இடத்தைக் காட்டும், காரணத்தைக் காட்டாது. அதற்கு அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று போய்ப் பார்க்க வேண்டும். ஆறாவது பாடத்துக்குப் பிறகு மாணவி தன் முதல் செயின் தையலை வாட்ஸ்அப்பில் அனுப்புவார். “அக்கா, துணி சுருங்குது, என்ன பண்றது?” என்று கேட்பார். ஃப்ரேமில் துணியை இன்னும் இழுத்துக் கட்டும்மா என்று ஒரு வரி பதில் வந்தால் அன்று இரவே அவிழ்த்து மறுபடி போடுவார். ஜனவரியில் அந்தப் பதில் அதே நாள் போனது. ஏப்ரலில் 900 பேருக்கும் அதே ஒரு ஆசிரியை; பதில் போக நான்கைந்து நாள் ஆயிற்று. அதற்குள் ஃப்ரேம் கட்டிலுக்கடியில் போய்விட்டது. வாட்ஸ்அப்பில் கேள்வி வந்த நேரமும் பதில் போன நேரமும் அப்படியே இருக்கின்றன. ஐம்பது உரையாடலைத் திறந்து குறித்துக்கொண்டால் தெரிந்துவிடும்.

இது சந்தேகம்தான், இன்னும் நிரூபணம் இல்லை. ஆர்வமுள்ளவர் விடாமல் நினைவூட்டி, பதிலைச் சீக்கிரம் வாங்கியிருக்கவும் கூடும். அதனால் அடுத்த பேட்ச்சில் ஒரு உதவியாளரை வைத்து, ஆர்டர் எண் ஒற்றைப்படையில் முடிபவர்களுக்கு மட்டும் அதே நாளில் பதில் போகச் செய்து, இரட்டைப்படைக்காரர்களோடு ஒப்பிட வேண்டும். வேலையை முடித்து அனுப்பியவர்கள் எத்தனை பேர் என்பதே அளவுகோல்; மறுபடி வாங்குகிறார்களா என்று பார்க்க 90 நாள் காத்திருக்க வேண்டியதில்லை. 400 பேர் கொண்ட பேட்ச்சில் இரண்டு மூன்று சதவீத ஏற்ற இறக்கம் தற்செயலாகவே வரும். ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில் 18, 17, 19 என்று ஆடியது அப்படித்தான். 73 எங்கே, 49 எங்கே என்கிற அளவு வித்தியாசத்தைத்தான் நம்பலாம்.

ஆஃபரை நிறுத்த வேண்டுமா? அதில் 500 பேர் கொடுத்தது 99,500 ரூபாய். அவர்களில் திரும்பிய 30 பேர் கொடுத்தது 1,19,970. ஓர் ஆளைக் கொண்டுவர 200 ரூபாய் விளம்பரச் செலவு என்றால் ஒரு லட்சம் போய், மிச்சம் 1,19,470. அந்தக் கூட்டத்தால் பதில் தாமதமாகி நின்றுபோன 24 பேரின் பிரைடல் கட்டணம் 95,976. கிடைத்ததில் கிட்டத்தட்ட ஐந்தில் நான்கு பங்கு அங்கே போய்விட்டது. சோதனையிலும் தாமதம்தான் காரணம் என்று தெரிந்தால், உதவியாளருக்கு மாதம் 12,000 ரூபாய் கொடுத்தாலும் ஆஃபரைத் தொடரலாம். பதில் சொல்ல ஆள் இல்லையென்றால், எத்தனை பேருக்கு ஒரே நாளில் பதில் போகுமோ அத்தனை பேரோடு சேர்க்கையை நிறுத்திவிடுவதுதான் சரி.

நீங்கள் வகுப்பு விற்பவராக இருந்தால், அடுத்த ஆஃபர் போஸ்டரை டிசைன் செய்யக் கொடுப்பதற்கு முன் போன் நம்பர் பத்தியைச் சுத்தம் செய்து, கடைசி ஆறு பேட்ச்சின் 90 நாள் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.