கோப்புகள் தப்பின, தரவுகள் போயின

இணையக் கடையில் நீங்கள் பார்க்கும் சேலையின் படம் சர்வரில் ஒரு கோப்பு. அதன் விலை, கையிருப்பு, வாங்கியவரின் முகவரி, ஆர்டர் எண் எல்லாம் தரவுத்தளத்தில் அட்டவணைகளாக இருக்கின்றன. கோப்புகளை மட்டும் நகலெடுத்து வைத்தால் கடையின் முகப்பு மிஞ்சும், கணக்கு மிஞ்சாது.

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் இதுதான் நடந்தது. பழுது பார்த்துக்கொண்டிருந்த ஊழியர் ஒருவர், வேறு சர்வர் என்று நினைத்து, முதன்மைத் தரவுத்தளத்தையே அழித்துவிட்டார். பயனர்களின் நிரல் கோப்புகள் தனியாக இருந்ததால் தப்பின. தினசரி காப்புநகலைத் தேடினால், அந்த இடம் காலி! நகலெடுக்கும் மென்பொருள் பழைய பதிப்பு என்பதால் வேலை தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது; அதைச் சொல்லும் மின்னஞ்சலும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்த வேறொரு நகல்தான் கைகொடுத்தது. இடைப்பட்ட நேரத்தில் பதிவான சுமார் 700 புதிய பயனர் கணக்குகள் போயின.

ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் கோப்புகளை அப்படியே நகலெடுப்பதும் ஆபத்து. ஆர்டர் ஒரு அட்டவணையில் ஏறியிருக்கும், அதற்கான கையிருப்பு இன்னொன்றில் குறைந்திருக்காது. அதனால்தான் ஒரே கணத்தின் நிலையைப் பிடித்துத் தரும் தனிக் கருவி வேண்டும். மைஎஸ்க்யூஎல்லில் அது இப்படி:

```
mysqldump --single-transaction kadai > kadai.sql
```

இன்னோடிபி வகை அட்டவணைகளுக்கு இது பொருந்தும். கோப்பின் கடைசி வரியில் `Dump completed` என்று இருக்கிறதா பாருங்கள். பிறகு வேறொரு கணினியில் அதை ஏற்றி, நேற்றைய ஆர்டர் ஒன்றைத் தேடிப் பாருங்கள்.