சிறுமலை ஏற்றமும் கிரியேட்டின் எடையும்

கிரியேட்டின் தசையில் சேர்ந்திருக்கும் ஒரு பொருள். உடல் நாளொன்றுக்குச் சுமார் 1 கிராம் தயாரிக்கிறது. இறைச்சியும் மீனும் மேலும் கொஞ்சம் தருகின்றன. முழு வேகத்தில் பாயும்போது சில நொடிகளில் தீரும் ஏ.டி.பி. என்ற ஆற்றல் பொருளை உடனே மீட்டுத் தருவது இதன் வேலை. அந்தக் கையிருப்பு பத்து நொடி அளவுதான் தாங்கும். ஒரு மணி நேரம் சீராக ஓடுபவருக்கான ஆற்றலோ மாவுச்சத்தையும் கொழுப்பையும் ஆக்சிஜன் கொண்டு எரிப்பதில் வருகிறது. அதனால் அவருக்கு நேரடிப் பயன் குறைவு.

எடை கூடுவது உறுதியானது. நாளுக்கு 20 கிராம் வீதம் ஐந்தாறு நாள் எடுத்தால் பலருக்கும் 1 கிலோ அளவுக்கு ஏறும். அது கொழுப்பல்ல, பெரும்பாலும் நீர். 1993இல் ஸ்வீடனில் பால்சம் குழுவினர் இப்படிக் கொடுத்துப் பார்த்தபோது, 6 கிலோமீட்டர் காட்டுப்பாதை ஓட்டத்துக்கு ஆன நேரம் குறையவில்லை, கூடியது. ஓட்டக்காரர் ஒவ்வொரு அடியிலும் தம் எடையைத் தூக்கி வைக்கிறார் என்பதால் இது எதிர்பார்க்கக்கூடியதே.

சைக்கிளில் பாதையைப் பொறுத்தது. திண்டுக்கல்லிலிருந்து ஒட்டன்சத்திரம் வழியாகப் பழநி செல்லும் சமவெளிச் சாலையில் பெரும் எதிரி காற்று. 1 கிலோ கூடியதைக் கால் உணராது. 18 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட சிறுமலைப் பாதையில் கதை வேறு. 200 வாட் திறனில் மிதிப்பவர் 800 மீட்டர் உயரம் ஏறுவதாகக் கொள்வோம். கூடுதல் 1 கிலோவை அந்த உயரத்துக்குத் தூக்க ஏறத்தாழ 7,850 ஜூல் வேண்டும். 200ஆல் வகுத்தால் 39 நொடி. ஒரு மணி நேரத்தை நெருங்கும் ஏற்றத்தில் இது சிறிய அளவுதான், ஆனால் பந்தயத்தில் இடம் மாறப் போதும்.

பயன் தென்படுவது இடையிடையே பாய வேண்டிய பந்தயங்களில்: கூட்டத்திலிருந்து பிரிந்து ஓடுவது, எல்லைக்கோட்டுக்கு முந்தைய கடைசிப் பாய்ச்சல் போன்றவை. 2018இல் வெளியான ஓர் ஆய்வில், 120 கிலோமீட்டர் ஓட்டிய பயிற்சி பெற்ற சைக்கிள் வீரர்களுக்கு, மாவுச்சத்தோடு கிரியேட்டினும் எடுத்தபோது கடைசிப் பாய்ச்சல்களில் திறன் கூடியது. மொத்த நேரம் குறையவில்லை. குறுகிய தீவிரப் பயிற்சிகளைக் கூடுதலாகச் செய்ய முடிவதும் பயனே.

ஆகவே மொத்தமாக ஏற்றுவதைத் தவிர்த்து, நாளுக்கு 3 கிராம் எடுப்பதே ஓட்டக்காரருக்குப் பொருத்தம். ஏறத்தாழ நான்கு வாரத்தில் தசை அதே அளவுக்கு நிரம்பிவிடும். எடையும் திடீரென ஏறாது. உணவிலேயே அவ்வளவு பெற அரைக் கிலோவுக்கு மேல் இறைச்சி வேண்டும். ஒரு தட்டு பிரியாணியில் அது கிடைக்காது. சைவ உணவுக்காரரின் தசையில் இருப்பு குறைவு என்பதால் அவருக்கு மாற்றம் அதிகம் தெரியும். தினமும் காலையில், சாப்பிடும் முன் எடை பார்த்துக் குறித்துவந்தால் தன் உடம்பில் எவ்வளவு ஏறியது என்பது தெளிவாகும்.

ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் என்ற பொருளின் அளவு சற்று உயரலாம். அது சிறுநீரகக் கோளாறு போலத் தோன்றும் என்பதால் மருத்துவரிடம் முன்னரே சொல்லிவிட வேண்டும். ஏற்கெனவே சிறுநீரக நோய் உள்ளவர் மருத்துவரிடம் கேட்காமல் தொடங்கக் கூடாது. மலையேற்றப் பந்தயத்துக்காக எடை இறங்க வேண்டுமென்றால் நான்கு முதல் ஆறு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். தசையின் இருப்பு பழைய நிலைக்குத் திரும்ப அவ்வளவு காலம் ஆகும்.