வைத்தியிலிருந்து பிரபாகர் ராவ் வரை

நாகேஷின் படங்களை வெளிவந்த வரிசையில் பார்ப்பவர்கள் அவருடைய கால்களில் தொடங்கலாம். 1964-இல் வெளியான 'சர்வர் சுந்தரம்', 'காதலிக்க நேரமில்லை' இரண்டிலும் அந்த ஒல்லியான உடம்பு ஓரிடத்தில் நிற்பதில்லை. பேய்க்கதை சொல்லி டி.எஸ்.பாலையாவை நடுங்க வைக்கும் காட்சியில் கண், கை, குரல் எல்லாம் சேர்ந்து ஓடுகின்றன. மறுவருடம் 'திருவிளையாடல்' தருமியாகக் கோயிலில் தனியாகப் புலம்பும்போதும் அதே வேகம்தான்.

ஆனால் வேடம் மாறினால் நடிப்பும் மாறத்தானே செய்யும்? அதை முதிர்ச்சி என்று எப்படிச் சொல்வது? ஒரே வகை வேடத்தை இரு காலங்களில் செய்த படங்களை அடுத்தடுத்துப் பார்த்தால் ஓரளவு பிடிபடும். நாகேஷுக்கு அப்படி ஒரு ஜோடி உண்டு.

1968-இல் 'தில்லானா மோகனாம்பாள்' வைத்தி ஒரு சூழ்ச்சிக்காரன். பெரிய மனிதர்கள் முன் வளைகிறான், குழைகிறான், சிரித்துக்கொண்டே வலை விரிக்கிறான். அவன் மனதில் ஓடும் கணக்கு முழுவதும் முகத்திலேயே தெரிகிறது. தெரிவதால்தான் நாம் சிரிக்கிறோம்.

21 ஆண்டுகள் கழித்து, 1989-இல் 'அபூர்வ சகோதரர்கள்' தர்மராஜும் சூழ்ச்சிக்காரர்தான். சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கிய இந்தப் படத்தில் நாகேஷ் கைகளை அடக்கிவிட்டார். வைத்தி முகத்தில் கொட்டிய கணக்கைத் தர்மராஜ் உள்ளேயே வைத்துக்கொள்கிறார். என்ன செய்வாரோ என்று தெரியாததால் பயம் வருகிறது. கதையின் தேவையும் இயக்குநரின் கையும் இதில் உண்டு. என்றாலும், தன் பெரிய பலமான வேகத்தைக் கீழே வைக்கும் துணிச்சல் நடிகருடையது.

1994-இல் அது இரண்டு எல்லைகளுக்குப் போனது. 'மகளிர் மட்டும்' படத்தில் அவர் ஒரு பிணம். வசனம் இல்லை, பார்வைகூட இல்லை. மற்றவர்கள் இழுக்கும் பக்கம் எல்லாம் தலையும் கையும் உயிரில்லாமல் சாய வேண்டும். ஒரு தசை தானாக அசைந்தாலும் காட்சி கெட்டுவிடும். இளமையில் உடம்பை அத்தனை விதமாக ஆட்டிப் பழகியவருக்கு அதைத் தளர்த்தவும் தெரிந்திருந்தது.

அதே வருடம் 'நம்மவர்' படத்தில் மகளைப் பறிகொடுத்த பேராசிரியர் பிரபாகர் ராவ். இந்த வேடத்துக்காக அவருக்குச் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது. வைத்தி, தர்மராஜ், பிரபாகர் ராவ் மூவரையும் தொடர்ந்து பார்ப்பவர்கள், மற்றவர் பேசும்போது நாகேஷ் என்ன செய்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். வைத்தி அந்த இடைவெளியில் காட்சியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வான். பிரபாகர் ராவ் கேட்டுக்கொண்டிருப்பார்.