ஆட்டக்காரர் ஆசானாகும்போது

சென்னையைச் சேர்ந்த சதுரங்க கிராண்ட்மாஸ்டர் ஆர்.பி. ரமேஷ் 2002இல் பிரிட்டிஷ் சாம்பியன் பட்டத்தையும் 2007இல் காமன்வெல்த் பட்டத்தையும் வென்றவர். ஆடும் வயது இருந்தபோதே பயிற்சிக்குத் திரும்பினார். 2008இல் மனைவி ஆர்த்தி ராமசாமியுடன் ‘செஸ் குருகுல’த்தைத் தொடங்கினார்.

அவர் பெற்றிருப்பது ஃபிடே சீனியர் டிரெய்னர் பட்டம். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு பயிற்சியாளர்களுக்குத் தரும் உச்சப் பட்டம் இது. இதற்குப் பயிற்சியாளர் வென்ற கோப்பைகள் மட்டும் போதாது, மாணவர்களின் சாதனைகளும் வேண்டும்.

அவர் பயிற்சியின் உயிர்நாடி கணக்கிடுதல். மாணவர் காய்களைத் தொடாமல், எதிராளியின் ஒவ்வொரு பதிலையும் மனத்திலேயே ஆடிப்பார்க்க வேண்டும். தனக்குப் பிடித்த நகர்வை மட்டும் தொடர்ந்து, எதிராளியின் வலுவான பதிலைத் தவறவிடுவதே வழக்கமான பிழை. விடை தவறும்போது, எந்தப் பதிலைப் பார்க்கவில்லை என்பது தெரிந்துவிடும்; அடுத்த பயிற்சி அங்கிருந்து தொடங்கும்.

இவரிடம் வளர்ந்த பிரக்ஞானந்தா 2023 உலகக் கோப்பையின் இறுதிவரை சென்றார். அக்கா வைஷாலியும் கிராண்ட்மாஸ்டர்.