மிச்சமான லீவ் யாருடையது?

டிசம்பர் இரண்டாம் வாரம் வந்தால் தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் ஒரே கேள்வி சுற்றி வரும்: "எனக்கு எத்தனை நாள் பேலன்ஸ் இருக்கு?" பத்து நாள் மிச்சமிருப்பவர் அவசரமாக லீவ் கேட்பார். ஆர்டர் நெருக்கடியில் இருக்கும் செக்‌ஷன் இன்சார்ஜ், "ஜனவரியில பாத்துக்கலாம்" என்று கையை விரிப்பார். ஜனவரியில் பார்த்தால் அந்த நாட்களில் சில கணக்கிலேயே இருக்காது. அவை ஏன் போயின என்பதற்கான பதில், வேலைக்குச் சேர்ந்த அன்று கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்த கையேட்டில், விடுப்பு விதிகள் என்ற பகுதியில் இருக்கிறது. பெரும்பாலானோர் அதைப் படிப்பதில்லை. படித்தாலும் எத்தனை நாள் லீவ் என்ற எண்ணோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த லீவ் எப்படிச் சேர்கிறது, யார் அனுமதிக்க வேண்டும், மிச்சமானால் என்ன ஆகும் என்பதெல்லாம் அந்த எண்ணுக்குக் கீழே இருக்கும் வரிகளில்தான் இருக்கின்றன.

முதலில் வகைகள். சி.எல். எனப்படும் தற்செயல் விடுப்பு, திடீரென்று வரும் தேவைக்கானது. எஸ்.எல். உடம்புக்கு முடியாத நாட்களுக்கு. இவை இரண்டும் வழக்கமாக அந்தந்த ஆண்டோடு முடிந்துவிடும். ஈ.எல். எனப்படும் ஈட்டிய விடுப்பு மட்டும் வேறு. உழைத்த நாட்களிலிருந்து அது பிறக்கிறது, அடுத்த ஆண்டுக்குத் தொடர்கிறது, வேலையை விட்டுப் போனால் பணமாகிறது. தமிழ்நாட்டில் கடைகள், தனியார் அலுவலகங்கள் போன்றவற்றுக்கு 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் இந்தப் பிரிவை நேராகவே வகுத்திருக்கிறது. ஆண்டுக்கு 12 நாள் வரை நோய்க்காக, 12 நாள் வரை தற்செயலாக, இரண்டுமே முதல் ஆண்டிலிருந்தே. பன்னிரண்டு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு அடுத்த ஆண்டில் இன்னும் 12 நாள் ஊதியத்துடன் விடுமுறை. சேர்த்து வைக்க முடிவது இந்தக் கடைசி 12 மட்டுமே, அதுவும் 24 நாள் வரை.

இது குறைந்தபட்சம். கையேடு இதற்கு மேல் எவ்வளவு வேண்டுமானாலும் தரலாம். கீழே போக முடியாது. நிறுவனத்தின் கையேட்டில் இருக்கிறது என்பதற்காகவே ஒரு விதி சட்டத்தை வென்றுவிடாது.

தொழிற்சாலைக் கணக்கு வேறு மாதிரி. பல பத்தாண்டுகளாக அதை ஆண்டது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம். ஓர் ஆண்டில் 240 நாள் வேலை பார்த்திருந்தால், பார்த்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள் ஈ.எல். என்றது அது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு, 20 நாளுக்கு ஒன்று என்ற விகிதத்தை அப்படியே வைத்துக்கொண்டு, 240ஐ 180 ஆகக் குறைத்தது. பழைய எண்ணைத் திருத்தாத கையேடு கையில் இருந்தால், ஆண்டின் நடுவில் சேர்ந்தவர்களும் நீண்ட மருத்துவ ஓய்வில் இருந்தவர்களும் அதைக் கேட்டுத் திருத்தச் சொல்ல வேண்டும். இந்தத் தொகுப்பின் விடுப்பு உரிமை தொழிலாளி என்ற வரையறைக்குள் வருபவர்களுக்கே. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர்களும் அந்த வரையறைக்கு வெளியே நிற்கிறார்கள். அவர்களுக்குக் கையேடும் நியமனக் கடிதமும்தான் பெரும்பாலும் துணை.

கணக்கு எப்படி ஓடுகிறது என்று பார்க்க, அம்பத்தூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். போன ஆண்டு அவர் வேலைக்கு வந்தது 274 நாள். இருபதால் வகுத்தால் 13.7. அரை நாளோ அதற்கு மேலோ வரும் பின்னத்தை முழு நாளாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது தொழிற்சாலைச் சட்டம் காலங்காலமாகச் சொல்லிவந்த விதி. ஆக, இந்த ஆண்டுக்கு 14 நாள். அவரோடு வேலை பார்க்கும் இன்னொருவர் போன ஆண்டு 26 வாரம் மகப்பேறு விடுப்பில் இருந்தார், வேலைக்கு வந்தது 140 நாள்தான். "180 நாள் வரலை, அதனால ஈ.எல். கிடையாது" என்று அவரிடம் சொன்னால் அது தவறு. தகுதியைப் பார்க்கும்போது மகப்பேறு விடுப்பு நாட்களையும் சேர்த்தே எண்ண வேண்டும். அப்படி எண்ணினால் அவர் 180ஐத் தாராளமாகத் தாண்டுகிறார். ஆனால் லீவ் ஈட்டுவது உழைத்த நாட்கள் மட்டுமே. எனவே அவருக்கு 140ஐ இருபதால் வகுத்து 7 நாள். தகுதிக்கு ஒரு கணக்கு, ஈட்டலுக்கு ஒரு கணக்கு. சம்பளப் பிரிவில் அதிகம் குழம்புவது இந்த இடத்தில்தான்.

அலுவலகங்களில் பெரும்பாலும் இப்படிக் காத்திருக்க வைப்பதில்லை. ஆண்டுக்கு 15 நாள் என்றால் மாதத்துக்கு 1.25 நாள் என்று ஏற்றிவிடுகிறார்கள். சில நிறுவனங்கள் சி.எல். 12 நாளையும் ஜனவரி முதல் தேதியிலேயே மொத்தமாகக் கணக்கில் வைக்கும். பார்க்க வசதிதான், ஆனால் அது முன்பணம் போன்றது. மார்ச் மாதத்துக்குள் ஆறு நாள் எடுத்துவிட்டு மாதக் கடைசியில் ராஜினாமா செய்தால், மூன்று மாதத்துக்கு உரியது மூன்று நாள்தான் என்று சொல்லி மீதி மூன்று நாள் சம்பளத்தைக் கடைசி செட்டில்மென்ட்டில் பிடிப்பார்கள். மொத்தமாக ஏற்றப்பட்டாலும் மாத விகிதப்படியே உரிமை என்ற வரி கையேட்டில் இருக்கிறதா என்று ராஜினாமாக் கடிதம் எழுதும் முன்பே பார்ப்பது நல்லது.

அடுத்தது அனுமதி. லீவ் லெட்டர் கொடுப்பதும் லீவ் கிடைப்பதும் வேறு வேறு. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தின் விதிப்படி ஈ.எல். வேண்டுமென்றால் 15 நாளுக்கு முன்பே எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஓர் ஆண்டில் அதை அதிகபட்சம் மூன்று தவணையாகத்தான் எடுக்க முடிந்தது. நோய்க்காகக் கேட்டால் மட்டும் 15 நாள் நிபந்தனை இருக்கவில்லை. இப்போது பல இடங்களில் செயலி வழியாக விண்ணப்பம் போகிறது. அனுப்பிவிட்டு, பதில் வராமலே ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். திரும்பி வரும்போது அந்த நாட்கள் அனுமதியில்லாத விடுப்பாக, சம்பளப் பிடித்தமாக நிற்கும். சில கையேடுகள் இத்தனை நாளுக்குள் பதில் வராவிட்டால் அனுமதித்ததாகக் கொள்ளலாம் என்கின்றன, பல எதுவும் சொல்வதில்லை. சொல்லாத இடத்தில் பதில் கிடைக்கும்வரை டிக்கெட் எடுக்காமல் இருப்பதே பாதுகாப்பு.

அனுமதித்த நாளைத் தாண்டித் தங்கிவிட்டால் சிக்கல் பெரிது. மாதிரி நிலையாணைகளின்படி, விடுப்பு முடிந்து எட்டு நாளுக்குள் திரும்பி வந்து தக்க காரணம் சொல்லாதவர் அந்த வேலை மீதான உரிமையை இழக்கலாம். இதைக் காட்டி, "நீங்களே வேலையை விட்டுட்டீங்க" என்று கதவைச் சாத்துவது ஒரு காலத்தில் சாதாரணமாக நடந்தது. ஜே.எம்.ஏ. இன்டஸ்ட்ரீஸ் வழக்கில் 1993இல் உச்ச நீதிமன்றம் அதற்கு ஒரு தடுப்புப் போட்டது. எட்டு நாள் தாண்டியதாலேயே, விளக்கம் கேட்காமல், விசாரணை நடத்தாமல் ஒருவரை நீக்கியது இயற்கை நீதிக்கு முரண் என்று சொல்லி, அந்தத் தொழிலாளியைப் பாதி நிலுவைச் சம்பளத்தோடு மீண்டும் வேலையில் சேர்க்க உத்தரவிட்டது. வேலைக்கு வந்தபோது கேட்டிலேயே தடுத்தார்கள் என்பதுதான் அவருடைய வாதமாக இருந்தது.

விடுப்புக்கு நடுவில் வரும் ஞாயிறுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெள்ளியும் திங்களும் லீவ் போட்டால் இடையில் வரும் சனி, ஞாயிறையும் சேர்த்து நான்கு நாள் கழிக்கிற வழக்கம் பல நிறுவனங்களில் உண்டு. தொழிற்சாலைச் சட்டம் இதைத் தெளிவாக மறுத்தது: விடுப்புக்கு நடுவிலோ, தொடக்கத்திலோ, முடிவிலோ வரும் விடுமுறை நாட்கள் ஈ.எல். கணக்கில் சேராது. தொழிலாளியின் ஈ.எல். பேலன்ஸிலிருந்து ஞாயிறு கழிந்திருந்தால் அதைக் கேள்வி கேட்க வேண்டும்.

இனி டிசம்பர் கேள்விக்கு வருவோம். அம்பத்தூர்ப் பெண்ணிடம் முந்தைய ஆண்டுகளின் பேலன்ஸ் 24 நாள். இந்த ஆண்டுக்கு ஈட்டிய 14 சேர்ந்து 38 ஆகிறது. அவர் எடுத்தது மூன்று நாள்தான், மிச்சம் 35. அடுத்த ஆண்டுக்கு எடுத்துப்போகக்கூடிய உச்சம் 30. எனவே ஐந்து நாள் காலாவதி என்று கணினி காட்டும். ஒரு நாள் சம்பளம் 700 ரூபாய் என்றால் 3,500 ரூபாய் மதிப்பு. ஆனால் நவம்பரில் அவர் ஆறு நாள் கேட்டிருந்தார், இன்சார்ஜ் தரவில்லை. முறைப்படி கேட்டும் மறுக்கப்பட்ட ஈ.எல்.லுக்கு அந்த 30 நாள் உச்சம் பொருந்தாது. பழைய சட்டமும் அதைத்தான் சொன்னது, புதிய தொகுப்பும் அதைத்தான் சொல்கிறது. ஆறு நாளைத் தனியே வைத்தால் மீதி 29, அது உச்சத்துக்குள் இருக்கிறது. ஆக 35 நாளும் அவருடையவை.

அவர் நவம்பரில் எழுதிக் கொடுத்திருந்தால் மட்டுமே இது நடக்கும். மெஷின் பக்கத்தில் நின்று வாயால் கேட்டு, வாயால் மறுக்கப்பட்டிருந்தால் நிரூபிக்க ஒன்றும் இல்லை. லீவ் விஷயத்தில் தொழிலாளிகள் அதிகம் இழப்பது இந்த இடத்தில். விதி அவர்கள் பக்கம் இருந்தும் காகிதம் இல்லாததால் கை நழுவுகிறது. இன்சார்ஜோடு முறைத்துக்கொள்ள வேண்டாம் என்று நினைப்பது இயல்பே. ஆனால் விண்ணப்பத்தை எழுதிக் கொடுப்பது சண்டை ஆகாது, முறைப்படி நடப்பதுதான்.

நிறுவனங்கள் உச்சம் வைப்பதற்கும் காரணம் இருக்கிறது. பணமாக்கக்கூடிய லீவ் ஒவ்வொன்றும் நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தில் கொடுக்க வேண்டிய கடனாக ஏறுகிறது. பத்து ஆண்டுக்கு முன் ஈட்டிய நாளையும் இன்றைய சம்பளத்தில்தான் தீர்க்க வேண்டியிருக்கும். அதைக் கட்டுக்குள் வைக்க நினைப்பது நியாயமே. ஆனால் லீவ் கேட்கும்போதெல்லாம் மறுத்துவிட்டு ஆண்டு முடிவில் காலாவதி என்று அழிப்பது நியாயமில்லை. புதிய தொகுப்பு இதில் ஒரு வழி திறந்திருக்கிறது. ஆண்டு முடிவில் தொழிலாளி கேட்டால் விடுப்பைப் பணமாகத் தர வேண்டும், முப்பதைத் தாண்டிய நாட்களையும் பணமாகப் பெறலாம்.

எனவே இந்த வாரமே மூன்று வேலைகளைச் செய்துவிடுங்கள். சம்பளச் சீட்டிலோ லீவ் கார்டிலோ உள்ள ஈ.எல். பேலன்ஸைப் படம் எடுத்து வையுங்கள். கையேட்டில் அந்த லீவ் எத்தனை நாள் வரை தொடரும் என்ற வரியைக் கண்டுபிடியுங்கள். வேண்டிய நாட்களை அக்டோபருக்குள் எழுதிக் கேளுங்கள். மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் வாங்கி, நகலை வீட்டில் வையுங்கள்.