பாதி புரிந்த குரல்பதிவு

இத்தாலியின் பொலோஞா நகரில் படிக்கும் வெளிநாட்டு மாணவி ஒருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். அவள் ஆறு மாதமாக இத்தாலிய மொழி கற்று வருகிறாள். மறுநாள் காலையில் மோதேனா நகரிலிருந்து தோழி காரில் வந்து அவளைத் தன் வீட்டுக்கு அழைத்துச் செல்வதாக ஏற்பாடு. முதல்நாள் இரவு, தோழியிடமிருந்து ஒரு குரல்பதிவு வருகிறது. மூச்சுவிடாத பேச்சு. பத்து, பன்னிரண்டு விநாடிகளில் முடிந்துவிடுகிறது.

முதல் தடவை கேட்டபோது அவள் காதில் விழுந்தவை சில சொற்களே: ‘தொமானி’ (நாளை), ‘ப்ரெந்தெரே’ (எடுத்தல், அழைத்துச் செல்லுதல்), ‘த்ரேனோ’ (ரயில்), ‘ஒத்தோ’ (எட்டு), ‘நோவே’ (ஒன்பது), ‘பார்’ (காப்பிக்கடை). இவற்றை அவள் ஒரு தாளில் வரிசையாக எழுதினாள். ‘நாளை அழைத்துப்போக வருகிறேன்’ என்று தோழி சொல்வதாகத் தோன்றியது. ஆனால், காரில் வருபவள் ரயிலைப் பற்றி ஏன் பேசவேண்டும்? இந்த முரண்தான் அவளை நிறுத்தியது. தெரிந்த சொற்களைக் கோத்துச் செய்த பொருள், செய்தியின் இன்னொரு பகுதியோடு ஒத்துப்போகவில்லை என்றால், ஏதோ ஒரு சிறிய சொல் காதிலிருந்து நழுவியிருக்கிறது என்று கொள்ளலாம்.

இத்தாலிய மொழியில் பெரும்பாலான சொற்கள் உயிரொலியில் முடிகின்றன. விரைந்து பேசும்போது ஒரு சொல்லின் முடிவு அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொள்கிறது. நாமும் ‘வந்துகொண்டு இருக்கிறேன்’ என்பதை ‘வந்துக்கிட்ருக்கேன்’ என்றுதானே பேசுகிறோம்? எனவே, பதிவு முழுவதையும் திரும்பத் திரும்பக் கேட்பதில் பயன் குறைவு. சந்தேகமுள்ள இரண்டு விநாடியை மட்டும் கேட்பதே நல்லது.

அவள் ‘தொமானி’க்கு அடுத்த பகுதியை மட்டும் நான்கு முறை கேட்டாள். காதில் விழுந்த ஒலியை அப்படியே எழுதினாள்: ‘நொஞ்செலஃபாச்சோ’. அதன் கடைசியில் இருக்கும் ‘ஃபாச்சோ’ அவளுக்குத் தெரியும்; ‘செய்கிறேன்’ என்று பொருள். முதலில் இருக்கும் ‘நொன்’ என்பதும் தெரியும். ‘இல்லை’ என்று பொருள். நடுவில் மிஞ்சிய ‘ச்சே லா’ என்பதற்குத் தனியாகப் பொருள் தேடக்கூடாது. ‘நொன் ச்சே லா ஃபாச்சோ’ என்பது முழுவதும் சேர்ந்து, ‘என்னால் முடியவில்லை’ என்று பொருள்படும் ஒரு தொடர். ஆக, தோழி வரவில்லை! செய்தியின் பொருள் தலைகீழாக மாறிவிட்டது.

அடுத்து, ரயில். அவள் அந்தப் பகுதியை மீண்டும் கேட்டபோது, ‘ப்ரெந்தி இல் த்ரேனோ’ என்பது தெளிவானது. முன்பு ஆளை அழைத்துச் செல்வதைக் குறித்த அதே வினைச்சொல், இங்கே ‘ரயிலில் ஏறி வா’ என்று சொல்கிறது. எட்டரை, ஒன்பதரை என இரண்டு நேரங்கள் வருகின்றன. ஒன்பதரைக்கு முன்னால் மீண்டும் ஒரு ‘நொன்’ ஒலிக்கிறது. அதன் பிறகு ‘ஷோப்பெரோ’ என்றொரு புதிய சொல். ‘ஷாப்பிங்’ ஆக இருக்குமோ என்று அவள் நினைத்தாள். தெரிந்த மொழியின் ஒலி இப்படித்தான் நம்மை ஏமாற்றும். அகராதியில் எஸ், எச் எழுத்துகளின்கீழ்த் தேடினாள், கிடைக்கவில்லை. இத்தாலியத்தில் ‘ஷோ’ என்னும் ஒலியை எஸ், சி, ஐ, ஓ என எழுதுவார்கள் என்பது நினைவுக்கு வந்ததும் சொல் அகப்பட்டது. ‘வேலைநிறுத்தம்’!

இங்கே நாட்டைப் பற்றிய அறிவும் கைகொடுத்தது. இத்தாலியில் இன்றியமையாத பொதுச் சேவைகளில் நடக்கும் வேலைநிறுத்தங்களை 1990ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று ஒழுங்குபடுத்துகிறது. அதனால், வேலைநாள்களில் வட்டார ரயில் சேவையில் வேலைநிறுத்தம் நடந்தாலும், காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் குறிப்பிட்ட சில ரயில்கள் ஓடியாகவேண்டும். எட்டரை அந்த நேரத்துக்குள் அடங்குகிறது, ஒன்பதரை அடங்கவில்லை. இப்போது செய்தியின் பகுதிகள் ஒன்றோடொன்று பொருந்தின.

கடைசி வாக்கியம் மட்டும் பிடிபடவில்லை. தோழி எதையோ காப்பிக்கடையில் விட்டுச் செல்வதாகச் சொல்கிறாள். எதை என்பது, பத்து முறை கேட்டும் விளங்கவில்லை. ஊகித்து விட்டுவிட முடியாத இடம் இது. ‘புரியவில்லை, மறுபடி சொல்’ என்று கேட்டிருந்தால், அதே வேகத்தில் இன்னொரு நீண்ட பதிவு வந்திருக்கும். அதனால் அவள், தனக்குப் புரிந்ததை உறுதிப்படுத்திக்கொண்டு, புரியாததை மட்டும் கேட்டு எழுதினாள்: ‘எட்டரை ரயில்தானே? கடையில் எதை விட்டுச் செல்கிறாய்?’

சற்று நேரத்தில் எழுத்திலேயே பதில் வந்தது: ‘ஆமாம், எட்டரை. வீட்டுச் சாவி.’