சூட்டு வலி என்று ஒதுக்கிய நான்கு நாள்

அந்தப் பெண்ணுக்கு 24 வயது. கல்யாணமாகி எட்டு மாதம். மாதவிலக்கு முடிந்த கையோடு அடிவயிற்றின் இருபுறமும் வலி எடுத்தது. வெள்ளைப்படுதல் மஞ்சளாகி நாற்றமடித்தது. “சூட்டு வலிதாம்மா, வெந்தயத்தை ஊறவெச்சுக் குடி” என்றார் மாமியார். நான்காம் நாள் 101 டிகிரி காய்ச்சல் வந்த பிறகுதான் மருத்துவமனைக்குப் போனார்கள். இப்படி வருகிறவர்கள் நிறையப் பேர்.

மருத்துவர் முதலில் பார்த்தது சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை. கரு, குழாயில் தங்கியிருந்தாலும் இதே இடத்தில் வலிக்கும். குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. அது இல்லை என்றானதும் கையுறை மாட்டிப் பரிசோதித்தார். கர்ப்பப்பை வாயை விரலால் மெல்ல அசைத்ததுமே அவள் வலியில் துடித்தாள். கர்ப்பப்பையிலும் கருக்குழாய்களிலும் தொற்று என்பதற்கு அது முக்கியமான அடையாளம்.

ஸ்கேன் நார்மல் என்றே வந்தது. “அப்புறம் எதுக்கு மாத்திரை?” என்று கணவர் கேட்டார். சீழ் கட்டினால்தான் ஸ்கேனில் தெளிவாகத் தெரியும். அதற்கு முன்பே மருந்து தொடங்க வேண்டும்.

கிளமிடியா, கொனோரியா போன்ற பால்வினைக் கிருமிகளோ, பிறப்புறுப்பில் இயல்பாக வாழும் கிருமிகளோ கர்ப்பப்பை வாயைத் தாண்டி மேலேறுவதால் இது வருகிறது. கருக்கலைப்புக்குப் பிறகும், காப்பர்-டி பொருத்திய முதல் மூன்று வாரங்களிலும் வரலாம். கருக்குழாயின் உட்புறம் மிக மென்மையானது. தொற்று ஆறினாலும் அங்கே தழும்பு விழுந்து வழி அடைபடலாம். சுவீடனின் லுண்ட் நகரில் பல்லாண்டுகள் நடந்த ஆய்வின் முடிவு 1992-இல் வெளிவந்தது. ஒருமுறை இந்தத் தொற்று வந்த பெண்களில் 100-க்கு 8 பேருக்குக் குழாய் பாதிப்பால் குழந்தை தங்கவில்லை; மூன்று முறை வந்தவர்களில் அது 40 பேர்.

ஒரே கிருமி என்று சொல்ல முடியாததால் மருந்தும் ஒன்றல்ல. அரசு மருத்துவமனைகளின் பால்வினை நோய்ப் பிரிவில் இதற்கென மஞ்சள் நிறப் பொட்டலம் ஒன்றை இலவசமாகத் தருகிறார்கள். அதில் செஃபிக்ஸிம் ஒருவேளைக்கு. டாக்ஸிசைக்ளின், மெட்ரோனிடசோல் இரண்டும் காலையும் இரவும் 14 நாளுக்கு. கர்ப்பிணிக்கும், வாந்தியால் மாத்திரை தங்காதவருக்கும், சீழ் கட்டியவருக்கும் மருத்துவமனையில் சேர்த்து ஊசி மருந்துதான்.

மூன்றாம் நாள் அவள் மறுபடி காட்ட வந்தாள். காய்ச்சல் இல்லை, வலியும் பாதி குறைந்திருந்தது. குறையாமல் இருந்திருந்தால் சீழா, குடல்வாலா என்று மறுபடி பார்த்திருப்பார்கள். “சரியாயிடுச்சே, மாத்திரையை நிறுத்திடலாமா?” என்று கேட்டாள். நிறுத்தக் கூடாது; கிருமி முழுதாக ஒழியுமுன் விட்டால் தொற்று திரும்பும்.

கணவருக்கும் சிகிச்சை உண்டு. ஆணுக்கு எந்தத் தொந்தரவும் காட்டாமல் இந்தக் கிருமி மாதக்கணக்கில் தங்கியிருக்கும். அதனால் யாரிடமிருந்து வந்தது என்ற சண்டைக்கு இதில் பதில் கிடைக்காது. இருவரும் மருந்தை முடிக்கும்வரை உறவைத் தள்ளிவைக்க வேண்டும். இல்லையென்றால் ஆறிய குழாய்க்கே தொற்று மறுபடி போகும்.